பரிசெல்லாம் கடைசிப் படங்களுக்கே போனால்

“எங்கள் ஊர் புகைப்படப் போட்டிக்கு 60 படங்கள் வந்தன. பதிவேறிய வரிசையிலேயே மூன்று நடுவர்களும் பார்த்து, பத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். மூன்று பரிசும் கடைசிப் பதினைந்து படங்களுக்குள்ளேயே போய்விட்டன. வரிசைதான் காரணமா? அடுத்த முறை எப்படி நடத்துவது?”

இருக்கலாம், ஆனால் இந்த மதிப்பெண்களை வைத்து அதை நிரூபிக்க முடியாது. கடைசி நாள் வரை காத்திருந்து பொறுக்கி அனுப்பியவர்களின் படம் உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கலாமே. சந்தேகம் மட்டும் நியாயமானது. பிரசெல்ஸில் நடக்கும் எலிசபெத் ராணி பியானோ போட்டியில் வாசிக்கும் வரிசையைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. அப்படியும் முதல் நாள் வாசித்தவர்கள் பின்தங்கியதை 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ‘இதைவிட நல்லது வரக்கூடும்’ என்று நடுவர் ஆரம்பத்தில் கையை இறுக்கிக்கொள்வார் என்பது என் ஊகம்.

அதனால் முதலில், போட்டியில் இல்லாத ஐந்து படங்களை ஒத்திகைக்குக் காட்டுங்கள். அப்புறம் படங்களைக் குலுக்கி ஒரு வரிசை எடுங்கள். முதல் நடுவருக்கு அதே வரிசை, இரண்டாமவருக்குத் தலைகீழ், மூன்றாமவருக்கு 31இல் தொடங்கி 60 வரை போய், பிறகு 1 முதல் 30. முதல் நடுவருக்கு முதலில் வரும் படம் இரண்டாமவருக்குக் கடைசியாக வரும். மூன்று படங்களைச் சொல்லாமல் இரண்டாம் முறையும் நுழைத்து வையுங்கள். ஒரே படத்துக்கு ஒரு நடுவர் முதலில் 6, பிறகு 8 போட்டால், அவருடைய 7க்கும் 8க்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

படங்களின் அளவில் பலரும் கோட்டைவிடுவது ஓரிடத்தில். நீளமான பக்கத்தை எல்லாவற்றுக்கும் 1500 பிக்சல் என்று வைத்தால் சமமாகிவிடாது. சதுரப் படம் 1500×1500; அகலப் படம் 1500×750, அதாவது திரையில் பாதி இடம்தான். பரப்பைச் சமமாக்குங்கள். இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருள் இருந்தால் இரண்டு வரி போதும்:

```
mkdir sama
mogrify -path sama -auto-orient -resize '1500000@>' *.jpg
```

கடைசியில் உள்ள `>` குறி சிறிய படங்களைப் பெரிதாக்காமல் விட்டுவிடும். அப்படிச் சிறிய படம் ஏதாவது வந்திருந்தால், மற்றவற்றையும் அதன் பரப்புக்கு இறக்குவதே நேர்மை. பின்னணி எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கட்டும்.

கட்டம் கட்டமாக எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டாதீர்கள். ஓரத்தில் கிடக்கும் படத்தைக் கண் தாண்டிப் போய்விடும், பளிச்சென்ற படம் பக்கத்துப் படத்தை மங்கச் செய்யும். முதல் சுற்றில் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்.

கடைசி ஆறுக்கு வந்ததும் மதிப்பெண்ணை விட்டுவிட்டு ஜோடி ஜோடியாகக் காட்டலாம். மொத்தம் 15 ஜோடிகள். இடம் வலம் மாற்றி இரண்டு முறை காட்டினால் ஒரு நடுவருக்கு 30 தேர்வுகள், அரை மணி நேரத்தில் முடியும். இடம் மாறியதும் தேர்வும் மாறினால் அந்த ஜோடி சமன், தலா அரைப் புள்ளி.