கோஹினூரை விட்டுவிட்டு பெனினை எடுங்கள்

கேள்வி: என் மகள் கல்லூரி விவாதப் போட்டிக்குத் தயாராகிறாள். காலனி ஆட்சியில் கொண்டுபோன கலைப்பொருட்களை அருங்காட்சியகங்கள் திருப்பித் தரவேண்டுமா என்பதுதான் தலைப்பு. எந்தப் பக்கம் பேசவேண்டும் என்பதை மேடையில்தான் சொல்வார்களாம். கோஹினூரை வைத்துத் தயாரித்தால் போதுமா?

பதில்: கோஹினூர் வேண்டாம். 1849-இல் லாகூர் ஒப்பந்தத்தின்படி பஞ்சாப் அரசனாக இருந்த பத்து வயதுச் சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து பிரிட்டிஷார் வாங்கிய கல் அது. இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் என்று உரிமை கோருவோர் பலர். அந்தக் குழப்பத்திலேயே நேரம் போய்விடும். நம் கோயில்களில் திருடுபோன சிலைகளையும் கலக்க வேண்டாம். ஆஸ்திரேலியா 2014-இல் திருப்பித் தந்த ஸ்ரீபுரந்தான் நடராசர் சுதந்திரத்துக்கு வெகுகாலம் கழித்துத் திருடுபோனவர். அங்கே திருட்டை நிரூபித்தால் போதும். காலனி காலப் பொருளில் சிக்கலே வேறு: எடுத்தவர்களின் அன்றைய சட்டப்படி அது குற்றமே இல்லை.

பெனின் வெண்கலங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயர்தான் வெண்கலம், பெரும்பாலானவை பித்தளை. பெனின் இன்றைய நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் இருந்த அரசு. 1897 ஜனவரியில், அரசர் சடங்கில் இருக்கிறார், இப்போது வரவேண்டாம் என்று தகவல் வந்தும் ஜேம்ஸ் பிலிப்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒரு குழுவோடு கிளம்பினார். வழியில் தாக்குதல். குழுவில் இருந்த ஆங்கிலேயரில் இருவர்தான் தப்பினார்கள். அடுத்த மாதமே பெரும்படை வந்து நகரைப் பிடித்தது. அரசர் ஓவொன்ராம்வென் கலபாருக்கு நாடுகடத்தப்பட்டு 1914-இல் அங்கேயே இறந்தார். அரண்மனையிலிருந்த பித்தளைப் புடைப்புப் பலகைகள், முன்னோர் பீடங்களில் வைத்திருந்த அரசர் தலைகள், தந்த வேலைப்பாடுகள் எல்லாம் கப்பல் ஏறின. ஒரு பகுதியைப் படையெடுப்புச் செலவுக்கென்று விற்றார்கள். இதை லண்டனும் மறுப்பதில்லை. திருப்பிக் கேட்பவர்களின் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது: இது வாங்கியதும் இல்லை, பரிசாக வந்ததும் இல்லை. தவிர, எழுத்து வழக்கம் இல்லாத அந்த அரசவைக்கு அந்தப் பலகைகள்தான் வரலாற்று ஆவணம்.

எதிர்ப்பக்கம் கிடைத்தால், ‘அவர்களுக்குப் பாதுகாக்கத் தெரியாது’ என்ற வாதத்தைத் தொடவே வேண்டாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலேயே சுமார் 2,000 பொருட்கள் காணாமலும் சேதமாகியும் போனது 2023-இல் வெளியே வந்துவிட்டது. உலகக் கலைகளை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம் என்ற வாதம் பரவாயில்லை. ஆனால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடமுள்ள 900-க்கும் மேற்பட்ட பெனின் பொருட்களில் பெரும்பகுதி கிடங்கில்தானே இருக்கிறது என்று கேட்பார்கள்.

உண்மையில் கனமான எதிர்வாதங்கள் இரண்டு. யாரிடம் கொடுப்பது என்பது ஒன்று. நைஜீரிய அரசின் அருங்காட்சியக ஆணையத்தோடு பேசித்தான் ஐரோப்பிய நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டுவந்தன. 2023-இல் நைஜீரிய அதிபர், இவற்றின் உரிமை இன்றைய பெனின் அரசருக்கே என்று அறிவித்தார். பொது அருங்காட்சியகத்துக்குப் போகும் என்று நினைத்தது ஓர் அரச குடும்பத்துக்குப் போகுமோ என்ற கேள்வி எழுந்தது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஒப்படைப்பைத் தள்ளிவைத்தது. மற்றொன்று இன்னும் சங்கடமானது. போர்த்துக்கீசிய வணிகர்கள் கொண்டுவந்த பித்தளை வளையங்களை உருக்கித்தான் இவற்றில் பலவற்றை வார்த்தார்கள். அந்த வளையங்களை வாங்க பெனின் கொடுத்தவற்றில் அடிமைகளும் உண்டு. விற்கப்பட்டவர்களின் வழிவந்த அமெரிக்கக் கறுப்பினத்தவரில் சிலர் ‘எங்களுக்கும் இதில் பங்கு உண்டு’ என்கிறார்கள். நான் திருப்பித் தரவேண்டும் என்ற கட்சி. ஆனாலும் இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை.

அப்புறம், சட்டம். ‘1963-ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் கையைக் கட்டியிருக்கிறது’ என்பது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வழக்கமான பதில். உண்மைதான். ஒரே மாதிரி இன்னொன்று கையில் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர எதையும் அவர்களால் கைவிட முடியாது. ஆனால் 1950 முதல் சில பெனின் பலகைகளை ‘இதே மாதிரி இன்னொன்று இருக்கிறது’ என்று சொல்லி விற்றவர்களும் அவர்களேதான். வாங்கியவர்களில் நைஜீரியாவும் உண்டு! அந்தச் சட்டத்துக்குள் வராத லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகம் 2022-இல் 72 பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக்கொடுத்தது.

நடுவர்கள் பெரும்பாலும் ‘கடனாகக் கொடுத்தால் ஆகாதா?’ என்று கேட்பார்கள். இரண்டு விதமான கடன் இருக்கிறது என்று மகள் பிரித்துச் சொல்லட்டும். 2024-இல் லண்டன் அருங்காட்சியகங்கள் அசாந்தே அரசின் பொன் அணிகளை கானாவுக்கு மூன்றாண்டுக் கடனாக அனுப்பின. பொருள் ஊருக்குப் போனது, உரிமை லண்டனிலேயே நின்றது. பெர்லின் நேர்மாறாகச் செய்தது. 2022-இல் பெனின் பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அவற்றில் மூன்றில் ஒரு பங்கை நைஜீரியாவிடமிருந்து பத்தாண்டுக் கடனாகப் பெற்றுக் காட்சியில் வைத்திருக்கிறது.