வரப்புச் சண்டை எந்த கோர்ட்டுக்குப் போகும்: பி.ஆர்.சி. எண் முதல் மேல்முறையீடு வரை

கேள்வி: வரப்புத் தகராறுல அண்ணன் மேல கொலை முயற்சி கேஸ் போட்டிருக்காங்க. மாஜிஸ்திரேட் கோர்ட்ல மூணு வாய்தா ஆச்சு, ஒரு சாட்சியைக்கூட விசாரிக்கலை. இப்போ செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகுதுங்கிறாங்க. எதிராளி மேல நாங்க கொடுத்த கேஸ் மட்டும் இங்கேயே இருக்குமாம். எந்த கேஸை எந்த கோர்ட் விசாரிக்கும்?

பதில்:

உங்கள் அண்ணனுக்குக் கொடுத்த குற்றப்பத்திரிகை நகலின் முதல் பக்கத்தைப் பாருங்கள். அங்கே பி.ஆர்.சி. என்று ஒரு எண் இருக்கும். எதிராளி மீதான வழக்கின் நகலில் சி.சி. என்று இருக்கும். நீங்கள் கேட்டதில் பாதிக்கு விடை அந்த எழுத்துகளிலேயே இருக்கிறது. சி.சி. எண் வாங்கிய வழக்கை மாஜிஸ்திரேட்டே விசாரித்துத் தீர்ப்பு சொல்வார். பி.ஆர்.சி. எண் வாங்கியதை அவர் விசாரிக்க முடியாது, அமர்வு நீதிமன்றத்துக்கு, அதாவது செஷன்ஸ் கோர்ட்டுக்கு, அனுப்பி வைப்பது மட்டுமே அவர் வேலை. மூன்று வாய்தாவில் சாட்சி யாரையும் கூப்பிடாததற்குக் காரணம் இதுதான். யாரும் தாமதம் செய்யவில்லை, விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை.

மாவட்ட கோர்ட்டுகளில் குற்ற வழக்குகள் நடத்திவரும் வக்கீல் நான். எந்த வழக்கு எந்த கோர்ட் என்பதைப் பெரும்பாலானவர்கள் தண்டனையின் அளவை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். சின்னக் குற்றம் மாஜிஸ்திரேட்டுக்கு, பெரிய குற்றம் செஷன்ஸுக்கு என்ற அந்தக் கணக்கு பல இடங்களில் தப்பாகிவிடும். உண்மையில் இதை முடிவு செய்வது ஓர் அட்டவணை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணையில் ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே கடைசிக் கட்டத்தில், விசாரிக்க வேண்டிய நீதிமன்றம் எது என்று எழுதியிருக்கும். பழைய சட்டத்திலும் இதே ஏற்பாடுதான்.

கொலை முயற்சி, அதாவது எல்லோரும் இன்னமும் 307 என்று சொல்கிற, புதிய சட்டத்தில் 109 ஆகிவிட்ட குற்றத்துக்கு எதிரே ‘அமர்வு நீதிமன்றம்’ என்று இருக்கிறது. அரிவாள் உரசி மேல்தோல் மட்டும் கிழிந்திருந்தாலும், போலீஸ் அந்தப் பிரிவைப் போட்டுவிட்டால் செஷன்ஸ்தான். அதே அரிவாளால் எலும்பு முறிய வெட்டி, போலீஸ் கொடுங்காயப் பிரிவான 118(2) மட்டும் போட்டால் அட்டவணை சொல்வது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர், அதாவது மாஜிஸ்திரேட். அந்தப் பிரிவில் ஆயுள் தண்டனை வரை இடம் உண்டு என்பதைக் கவனியுங்கள். கோடிக்கணக்கான ரூபாய் மோசடியும், 420 என்று நாம் சொல்கிற ஏழு வருடக் குற்றம் என்ற அளவில், மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் நடக்கும்.

ஆனால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் அதிகபட்சம் மூன்று வருடச் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும்தான் விதிக்க முடியும். தலைமை நீதித்துறை நடுவர், அதாவது சி.ஜே.எம்., ஏழு வருடம் வரை போகலாம். ஏழு வருடக் குற்றத்தை விசாரித்து முடித்த மாஜிஸ்திரேட், மூன்று வருடம் போதாது என்று நினைத்தால் தன் கருத்தைப் பதிவு செய்து கோப்பை சி.ஜே.எம். முன்னால் வைக்கச் சட்டத்தில் வழி உண்டு. விசாரிக்கும் அதிகாரம் ஒன்று, தண்டிக்கும் அதிகாரம் இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது.

இனி உங்கள் அண்ணனின் வழக்கு. கைது செய்ததும் செஷன்ஸ் நீதிபதியிடம் கொண்டு போகாமல் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போயிருப்பார்கள். கொலை வழக்கானாலும் ரிமாண்ட் அங்கேதான். ஜாமீன் மனு அங்கே தள்ளுபடி ஆகியிருந்தால் அதிர்ச்சி வேண்டாம். காயம் பட்ட கொலை முயற்சிக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் செய்ததாக நம்ப முகாந்திரம் இருந்தால், பெண்கள், சிறுவர், நோயாளிகள் தவிர மற்றவர்களை மாஜிஸ்திரேட் ஜாமீனில் விட முடியாது. அமர்வு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் அந்தத் தடை இல்லை.

இதில் ஒரு விதிவிலக்கைப் பலர் தவறவிடுகிறார்கள். இப்படிப்பட்ட குற்றத்தில் ஒருவர் சிறையிலேயே இருக்க, 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் அவருடைய உரிமையாகிவிடும். அதை அந்த மாஜிஸ்திரேட்டே கொடுக்கலாம், கொடுத்தாக வேண்டும். அதற்கு 91-ஆம் நாள் மனு போட்டிருக்க வேண்டும். மனு போடாமல் இருந்து, இடையில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். “இது செஷன்ஸ் கேஸ், இங்கே ஜாமீன் கிடைக்காது” என்று யாரோ சொன்னதை நம்பி அந்த நாளைக் கோட்டைவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

குற்றப்பத்திரிகை வந்த பிறகு மாஜிஸ்திரேட் செய்வது இவ்வளவுதான்: எதிரிகளை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களை, வரவழைப்பார், எல்லா ஆவணங்களின் நகலையும் கொடுப்பார், இது அமர்வு நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கக் கூடியது என்று பார்த்து அங்கே அனுப்பி வைப்பார், இதைத்தான் கமிட் செய்வது என்பார்கள். சாட்சி விசாரணை கிடையாது, விடுவிக்கும் அதிகாரமும் கிடையாது. புதிய சட்டப்படி இதை 90 நாளில் முடிக்க வேண்டும். காரணத்தை எழுதி 180 நாள் வரை நீட்டலாம்.

நடப்பில் இது இழுப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், எதிரிகளில் ஒருவர் வராமல் இருப்பது. என் கட்சிக்காரராகப் பின்னால் வந்த ஒரு பெரியவர், வெட்டுப்பட்ட மகனையும் இரண்டு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு ஏழு மாதம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்றன்றைய கூலி போனது, பஸ் செலவு போனது. ஐந்தாவது எதிரி தலைமறைவு, அதனால் கமிட் ஆகவில்லை, சாட்சிகள் வரவே தேவையில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. என்னிடம் அவர் முதலில் கேட்டது, “சாட்சி சொல்லாமலே கேஸ் முடிஞ்சிருமாய்யா?” என்றுதான். வராத எதிரியின் வழக்கைத் தனியாகப் பிரித்துவிட்டு மற்றவர்களைக் கமிட் செய்யலாம். ஸ்ப்ளிட்-அப் என்பார்கள். அதற்கு மனு போட்ட பிறகுதான் அந்த வழக்கு நகர்ந்தது.

கமிட் ஆனதும் வழக்கு எஸ்.சி., அதாவது செஷன்ஸ் கேஸ், எண் வாங்கும். முதன்மை மாவட்ட மற்றும் அமர்வு நீதிபதி தானே எடுத்துக்கொள்ளலாம், கூடுதல் அமர்வு நீதிபதிக்கும் அனுப்பலாம். அங்கே எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று நீதிபதி முடிவு செய்து குற்றச்சாட்டு வனையும் கட்டம் உங்களுக்கு முக்கியமானது. காயச் சான்றிதழ், பயன்படுத்திய ஆயுதம், வெட்டு விழுந்த இடம் இவற்றைப் பார்த்து, கொல்லும் எண்ணத்துக்கு ஆதாரமே இல்லை, ஆயுதத்தால் காயம் உண்டாக்கியது மட்டும்தான் தெரிகிறது என்று நீதிபதி கருதினால், அந்தக் குற்றத்துக்கு மட்டும் குற்றச்சாட்டு வனைந்து வழக்கைத் திரும்ப மாஜிஸ்திரேட்டுக்கே அனுப்பலாம். ஆகவே மேலே போன வழக்கு கீழே வரவும் செய்யும். முன்கையில் ஒரே வெட்டு, சாதாரணக் காயம் என்று டாக்டர் எழுதிய வழக்கில் இதை வாதிடாமல் விடுவது பெரும் பிழை.

சில வழக்குகளுக்கு இந்த வழியே பொருந்தாது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைச் சட்டப் பிரிவு சேர்ந்திருந்தால் சிறப்பு நீதிமன்றமே நேரடியாகக் கோப்புக்கு எடுக்கலாம், கமிட் தேவையில்லை. போக்சோவும் அப்படித்தான். சம்பவ நாளில் பதினெட்டு நிறையாதவர் யாராவது எதிரியாக இருந்தால் அவர் மட்டும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவார். உங்கள் முதல் தகவல் அறிக்கையில் இவை ஏதும் இல்லையென்றால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தண்டனை வந்தால் அடுத்து எங்கே என்பதும் விசாரித்த கோர்ட்டைப் பொறுத்ததே. மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனைக்கு அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அமர்வு நீதிமன்றம் கொடுத்ததற்கு உயர் நீதிமன்றம். எந்த மாவட்டம் என்பதைப் பொறுத்து அது சென்னையாகவோ மதுரைக் கிளையாகவோ இருக்கும். செஷன்ஸ் நீதிபதி மரண தண்டனை விதித்தால், குற்றவாளி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் கோப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய் அங்கே உறுதியானால்தான் அது செல்லும். அதற்கு மேலே உச்ச நீதிமன்றம். பெரும்பாலான வழக்குகளில் அங்கே சிறப்பு அனுமதி மனுவாகத்தான் நுழைய முடியும்.

இப்போது எதிராளி மீதான உங்கள் வழக்கு. “அது இங்கேயே இருக்கும்” என்று சொன்னால் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில், ஒரே வரப்பில், ஒரே சண்டையில் இரண்டு தரப்பும் கொடுத்த புகார்கள் இவை. அண்ணன் வழக்கு செஷன்ஸிலும் எதிராளி வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் நடந்தால், முதலில் வெட்டியது யார் என்ற ஒரே கேள்விக்கு இரண்டு நீதிபதிகள் இரண்டு விடை சொல்ல இடமிருக்கிறது. மேல்முறையீடும் ஒன்று செஷன்ஸுக்கு, மற்றது உயர் நீதிமன்றத்துக்கு என்று பிரிந்துவிடும். சுதிர் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. எதிர்வழக்கு மாஜிஸ்திரேட்டே விசாரிக்கக் கூடியதாக இருந்தாலும், அதையும் அவர் கமிட் செய்து, இரண்டையும் ஒரே அமர்வு நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும். ஒரு வழக்கின் சாட்சியத்தை மற்றதில் கலக்காமல் தனித்தனியாகப் பதிவு செய்து, தீர்ப்பை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வார்.

மாஜிஸ்திரேட்டுக்கு இதற்கான அதிகாரம் தீர்ப்பில் கையெழுத்திடும் வரை உண்டு. ஆனால் சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு போனால் செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். எனவே அடுத்த வாய்தாவிலேயே உதவி அரசு வழக்கறிஞரிடம் இரண்டு குற்ற எண்களையும், பி.ஆர்.சி., சி.சி. எண்களையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டும் ஒரே சம்பவம் என்று காட்ட இரண்டு முதல் தகவல் அறிக்கைகளின் நகலும் கையில் இருக்கட்டும். சி.சி. வழக்கையும் கமிட் செய்யக் கோரும் மனுவோடு அவற்றைச் சேர்த்துத் தாக்கல் செய்ய உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.