மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், இன்சுலின் போட்டுக்கொள்ளும் 78 வயது மாமியார். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் எதையாவது வாங்கி வைக்கிறோம். வெள்ளம் வந்ததும் எதுவும் கைக்கு அகப்படுவதில்லை. எப்போது, எதைப் பார்த்து வைக்க வேண்டும்?

பதில்: வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதனால் அக்டோபர் முதல் ஞாயிறு முழு ஒத்திகை. நவம்பர், டிசம்பர் முதல் ஞாயிறுகளில் பொருள் சரிபார்ப்பு மட்டும். இப்போதே காலண்டரில் வட்டமிடுங்கள். 2015, 2023 இரண்டு பெருவெள்ளமும் டிசம்பரின் முதல் நாட்களில்தான் வந்தன. அக்டோபரில் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள்.

ஒத்திகையை இருட்டிய பிறகு செய்யுங்கள். மெயின் சுவிட்சை அணைத்ததும் வீடு இருண்டால் சரி. விளக்கு எரிந்தால் இன்வெர்ட்டர் ஓடுகிறது. அதை அதன் சுவிட்சிலேயே தனியாக அணைக்க வேண்டும். பலருக்கும் இது தெரிவதில்லை. தண்ணீர் ஏறிவிட்டால் இரண்டையும் தொடக் கூடாது, எனவே வாசலில் தண்ணீர் நிற்கும்போதே அணைத்துவிடுங்கள். சிலிண்டரை மூடி ரெகுலேட்டரைக் கழற்றுவதும் அப்போதே.

அடுத்தது மாமியாரை மாடிக்கு ஏற்றுவது. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் உட்காரவைத்து, ஒருவர் முதுகுப் பக்கமும் ஒருவர் கால் பக்கமுமாகத் தூக்கிப் பாருங்கள். முதல் தடவை அவருக்குப் பதில் அரிசி மூட்டையை வைத்துத் தூக்குங்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் நாற்காலி இடித்தால் வேறு நாற்காலி தேடவும், மூன்றாம் ஆளாக மாடி வீட்டாரிடம் சொல்லி வைக்கவும் இன்னும் நேரம் இருக்கும்.

குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. சேர்த்து வைத்துக் காக்க வேண்டாம். பழைய கேனை எடுத்துப் பயன்படுத்தி, புதியதைக் கடைசியில் வையுங்கள்.

இன்சுலின் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். கரண்ட் போனால் குப்பியை டப்பாவில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வையுங்கள். ஐஸ்கட்டி நேராகப் படக் கூடாது, உறைந்த மருந்து வீண். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலோ, எதிலாவது திரி திரியாக மிதந்தாலோ போடாதீர்கள். பவர்பேங்கை மாதாமாதம் முழுதாகச் சார்ஜ் செய்து, ஒரு போனைப் போட்டுப் பாருங்கள்.

தொடர்பு எண்களைத் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். டவர் செயலிழந்தால் உள்ளூரில் ஒருவரையொருவர் பிடிப்பது கடினம். மதுரையிலோ கோவையிலோ இருக்கும் ஒரு உறவினருக்கு எல்லோரும் தகவல் சொல்வது என்று முடிவு செய்யுங்கள். அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, மாநகராட்சி 1913, மின்னகம் 94987 94987, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இன்சுலின் வாங்கும் மருந்துக்கடை, மாடி வீட்டார், டாக்டர் ஆகியோரின் எண்களை ஒத்திகை நாளன்று பிள்ளைகளை விட்டே அழைக்கச் சொல்லுங்கள். மாறிய எண் அப்போதுதான் தெரியவரும். திருத்திய தேதியைத் தாளின் மேல் எழுதுங்கள்.