தொலைவு-காலம் வரைபடம்: கோடு என்ன சொல்கிறது? (கேள்வி பதில்)

ஒன்பதாம் வகுப்பு மாணவர்: சார், கோடு ஏறி, நடுவில் தட்டையாகி, மறுபடி செங்குத்தாக ஏறுது. சைக்கிளில் மேடு ஏறி, சமதளத்தில் போய், பெரிய மேடு ஏறுவதாக எழுதினேன். தப்புன்னு போட்டுட்டாங்க.

தப்புதான் தம்பி. அது சாலையின் படம் இல்லை. முதலில் அச்சுகளின் பெயரைப் படி. கீழே காலம், பக்கத்தில் தொலைவு. கோடு தட்டையாக இருக்கும் இடத்தில் காலம் ஓடுகிறது, தொலைவு கூடவில்லை. அப்படியென்றால் சைக்கிள் நிற்கிறது.

எண்களை வைத்துப் பார்ப்போம். முதல் 20 வினாடியில் தொலைவு 0-விலிருந்து 100 மீட்டர் ஆகிறது. வேகம் வினாடிக்கு 5 மீட்டர். 20 முதல் 35 வரை தட்டை, வேகம் பூச்சியம். 35 முதல் 45 வரை 100-லிருந்து 180 மீட்டர். 10 வினாடியில் 80 மீட்டர், அதாவது வினாடிக்கு 8. கடைசித் துண்டு இன்னும் செங்குத்தாக ஏறுவது அதனால்தான். அங்கே மேடு இல்லை, சைக்கிள் வேகமாகப் போகிறது, அவ்வளவுதான்.

ஒரு தந்தை: அப்படியானால் சராசரி வேகம் 5-க்கும் 8-க்கும் நடுவில் 6.5 தானே? நின்ற நேரத்தை ஏன் சேர்க்க வேண்டும்?

பாதி சரி. நின்ற நேரத்தை விட்டுவிட்டு, 'ஓடும்போது சராசரி' என்று தனியாகக் கணக்கிடலாம். ஆனால் அதுவும் 6.5 வராது, 180 மீட்டரை 30 வினாடியால் வகுத்தால் 6 வரும், ஏனென்றால் 5-ல் ஓடிய நேரம்தான் அதிகம். தேர்வில் முழுப் பயணத்துக்குக் கேட்பார்கள். 180-ஐ 45-ஆல் வகுத்தால் 4.

பதினோராம் வகுப்பு மாணவி: வளைகோட்டில் 3-ஆவது வினாடியில் வேகம் கேட்டிருந்தார்கள். அங்கே தொலைவு 18 மீட்டர். 18/3 = 6 என்று போட்டேன்.

பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். உங்கள் கோட்டில் 1, 2, 3, 4 வினாடிகளில் தொலைவு 2, 8, 18, 32 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வினாடியிலும் கடந்தது 2, 6, 10, 14. வேகம் கூடிக்கொண்டே போகிறது, அதனால்தான் கோடு மேல்நோக்கி வளைகிறது. நீங்கள் கண்டுபிடித்த 6, முதல் மூன்று வினாடிகளின் சராசரி. அந்தக் கணத்தில் வேகம் அதைவிட அதிகம்.

அந்தப் புள்ளியில் ஸ்கேலை வைத்துத் தொடுகோடு வரையுங்கள். வளைகோட்டை அது வெட்டக் கூடாது, தொட வேண்டும். சரியாக வரைந்தால் கால அச்சை 1.5-இல் சந்திக்கும், 4-ஆவது வினாடிக்கு நேரே 30 மீட்டரில் இருக்கும். 2.5 வினாடியில் 30 மீட்டர், ஆக வேகம் 12. உங்கள் விடைக்கு இரண்டு மடங்கு! தொடுகோட்டின் சாய்வைக் காண வரையும் முக்கோணத்தைப் பெரிதாக எடுங்கள். சின்னதாக எடுத்தால் பென்சில் தடிமனே விடையைக் கெடுக்கும். கையால் வரைவதால் 11.5, 12.5 என்று வந்தாலும் பரவாயில்லை.

வளைகோடு போகப் போகத் தட்டையானால் வண்டி மெதுவாகிறது. அப்போதும் முன்னேதான் போகிறது, பின்னே வரவில்லை.

ஒருவர்: டிரெட்மில்லில் அரை மணி நேரம் வியர்க்க வியர்க்க ஓடினேன். ஜிபிஎஸ் வரைபடம் தட்டையாக இருக்கிறது. கைக்கடிகாரம் கெட்டுவிட்டதா?

கடிகாரம் உண்மையைத்தான் சொல்கிறது, நீங்கள் அறையை விட்டு நகரவில்லை. அதில் டிரெட்மில் பயன்முறை இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு மாணவர்: தட்டையாக இருந்தால் சீரான வேகம்தானே?

அது வேகம்-காலம் வரைபடத்தில். இங்கே இல்லை. அச்சைப் படிக்கவும்.

மாணவி: கோட்டின் கீழ் உள்ள பரப்பு என்ன தரும்?

இந்த வரைபடத்தில் எதுவும் தராது. நீங்களும் அச்சைப் படிக்கவும்.

ஓர் ஆசிரியை: திரும்பி வரும்போது கோடு கீழே இறங்கும் என்றுதான் நான் நடத்துகிறேன். தொலைவு குறையவே குறையாது என்று என் சக ஆசிரியர் சண்டைக்கு வருகிறார்.

செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறீர்கள், மேடம்? 'கடந்த மொத்தத் தொலைவு' என்றால் அவர் சொல்வது சரி. வண்டியின் ஓடோமீட்டர் போல ஏறும் அல்லது நிற்கும். 'வீட்டிலிருந்து உள்ள தொலைவு' என்றால் திரும்பும்போது இறங்கத்தான் வேண்டும்.

அதே ஆசிரியை: வெறும் 'தொலைவு' என்று மட்டும் கொடுத்தால்?

வேறொரு ஆசிரியர்: அப்படியானால் இறங்கும் கோடே தப்பு, மதிப்பெண் கிடையாது. இறங்க வேண்டுமானால் இடப்பெயர்ச்சி என்று எழுதட்டும்.

கறாராகப் பார்த்தால் நீங்கள் சொல்வது நியாயம், சார். ஆனால் வெறும் 'தொலைவு' என்று போட்டு இறங்கும் கோட்டையும் வரைந்து வினா கேட்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே 'தொடங்கிய இடத்திலிருந்து' என்று புரிந்துகொண்டு எழுதிய பிள்ளைக்கு நான் மதிப்பெண் தருவேன்.

அதே ஆசிரியர்: நான் தரமாட்டேன்.

சரி.

மாணவர்: கோடு நேர் செங்குத்தாக நின்றால்?

காலமே ஆகாமல் தொலைவு கூடியதாக அர்த்தம், நடக்காது. புள்ளிகளைக் குறித்ததில் பிழை இருக்கும், இல்லையென்றால் கால அச்சின் அளவை ரொம்பவே நெருக்கியிருப்பாய். ஒரு கட்டத்துக்கு 10 வினாடி என்பதை 1 வினாடி என்று மாற்றி வரைந்து பார், கோடு சாய்ந்துவிடும்.