தினம் ஒரு வெண்பா: தேடினால் கிடைக்கும் தலைப்பு

கேள்வி: தினமும் ஒரு வெண்பா எழுதி வெளியிட்டு வருகிறேன். 'இன்றைய வெண்பா', 'மழைக்கால நினைவு' என்று அன்றன்று தோன்றியபடி தலைப்பு வைக்கிறேன். மூன்று மாதம் ஆகிறது. பழைய வெண்பா ஒன்றைத் தேடினால் கிடைப்பதே இல்லை. ஓராண்டாவது தொடர ஆசை. எப்படித் தலைப்பு வைத்தால் பிறகு தேடி எடுக்க முடியும்?

பதில்: இந்தச் சிக்கலுக்கு நம் பழைய பதிப்பாசிரியர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். செய்யுள் நூல்களின் பின்பக்கத்தில் 'பாட்டு முதற்குறிப்பு அகராதி' இருக்கும். பாட்டின் தொடக்கச் சொற்களும் அதன் எண்ணும் மட்டுமே அதில் உண்டு. ஒரு பாட்டு நினைவுக்கு வரும்போது முதலில் வருவது அதன் தொடக்கம்தான். அதையும் எண்ணையும் எடுத்துக்கொண்டு, பாடுபொருளைச் சொல்லும் ஒரு சொல்லைச் சேருங்கள். 'கூரை நனைக்கும் குளிர்மழை' என்று தொடங்கும் உங்கள் 47ஆம் வெண்பாவுக்குத் தலைப்பு இப்படி அமையும்:

```
வெண்பா 047 - மழை - கூரை நனைக்கும்
```

எண்ணை மூன்று இலக்கமாக எழுதுங்கள். தலைப்புகளை எழுத்து வரிசையில் அடுக்கும் இடங்களில் 1, 10, 100, 11, 2 என்று வரிசை குலையும். 001, 002 என்று தொடங்கினால் குலையாது. 999 வரை இடம் இருப்பதால் இரண்டரை ஆண்டுக்கு மேல் கவலை இல்லை. தேடும்போதும் 047 என்றே தேட வேண்டும். 'வெண்பா' என்பதற்கும் எண்ணுக்கும் இடையே இடைவெளி விடுங்கள். ஒட்டி எழுதினால் பல தேடல்களில் எண் தனியாக அகப்படாது. எண் நாளுக்கு அல்ல, வெண்பாவுக்கு. காய்ச்சலில் இரண்டு நாள் விட்டுப்போனாலும் வரிசை அறுபடாது. தேதியைத் தலைப்பில் சேர்க்க வேண்டாம். வெளியிட்ட நாள் எப்படியும் பதிவாகியிருக்கும்.

அதிகம் கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள பொருட்சொல். அதை எப்போதும் வேற்றுமை உருபு ஏறாத வடிவில் வையுங்கள். 'கடலில் ஒரு மாலை' என்று தலைப்பிட்டுவிட்டு, பிறகு 'கடல்' என்று தேடினால் சாதாரணத் தேடலில் கிடைக்காது. கண்ணுக்குக் 'கடல்' உள்ளே இருப்பதுபோல் தெரிகிறது; கணினிக்கோ புள்ளி வைத்த 'ல்' அங்கே இல்லை, 'லி'தான் இருக்கிறது. 'மரம்' மரத்தில் ஆகும்போதும் 'வீடு' வீட்டில் ஆகும்போதும் சொல்லே உருமாறிவிடுகிறது. 'மழை'யைத் தேடினால் 'மழையில்' பெரும்பாலும் அகப்பட்டுவிடும் என்பது நல்லூழ். அதை நம்பி எல்லாச் சொல்லையும் விட்டுவிடக் கூடாது.

ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்பதும் முக்கியம். ஒருநாள் 'மழை', மறுநாள் 'மாரி', இன்னொரு நாள் 'கார்' என்று வைத்தால் செய்யுளுக்கு அழகு, தேடலுக்குக் கேடு. சொல்வளத்தை வெண்பாவுக்குள் காட்டுங்கள். இருபது, இருபத்தைந்து பொருட்சொற்களைத் தனியே எழுதி வைத்துக்கொண்டு அவற்றிலிருந்தே எடுங்கள். எதிலும் அடங்காத வெண்பா வந்தால் மட்டும் புதிய சொல் சேருங்கள்.

எழுத்திலும் ஒரு கண்ணி உண்டு. 'மௌனம்' என்பதைப் பலர் கொம்புடன் 'ள' சேர்த்து 'மெளனம்' என்று தட்டச்சு செய்கிறார்கள். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. தேடலுக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். இருப்பது தெரிந்தும் ஒரு வெண்பா அகப்படாவிட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பொருட்சொல்லை ஒவ்வொரு முறையும் தட்டாமல் உங்கள் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இந்தத் தொல்லை வராது.

தொடக்கச் சொற்கள் இரண்டு சீர் போதும். ஆறு மாதம் கழித்து மழையைப் பற்றிப் பதினைந்து வெண்பா சேர்ந்திருக்கும்போது அவற்றைப் பிரித்துக் காட்டப்போவது இந்த இரண்டு சீர்தான். வெண்பாவில் எழுதியபடியே, சந்தி மாறாமல் எடுத்து வையுங்கள். தலைப்பில் பூ, நட்சத்திரம் போன்ற அலங்காரக் குறிகள் வேண்டாம். கைப்பேசித் திரையில் நீண்ட தலைப்பின் வால்தான் முதலில் வெட்டுப்படும், அங்கே இருப்பது உங்கள் முதற்சீர்கள்.

பழைய மூன்று மாத வெண்பாக்களை எழுதிய நாள் வரிசையில் அடுக்கி 001 முதல் எண்ணிட்டுத் தலைப்பை மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றின் இணைய முகவரியையும் தொடாதீர்கள்; ஏற்கெனவே பகிர்ந்தவர்களின் இணைப்பு அறுந்துவிடும். நாள் குழப்பமாக இருக்கும் ஓரிரு வெண்பாக்களைத் தோராயமான இடத்தில் செருகினால் போதும், ஆனால் ஒருமுறை இட்ட எண்ணை மறுபடி மாற்றாதீர்கள்.