அடமானத்துல இருக்குற வீட்டுக்கு லீஸ், பேங்க் சம்மதம் வாங்கலன்னா குடியிருக்கறவங்க நிலைமை என்ன – கேள்வி பதில்

பெரம்பூர் வாசி: அண்ணே, 2023 ஆகஸ்ட்ல 8 லட்சம் குடுத்து 3 வருஷ லீஸுக்கு வந்தோம், மாச வாடகை கிடையாது. பத்திரம் 100 ரூபா ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி நோட்டரி பண்ணது. இப்ப கதவுல பேங்க் நோட்டீஸ் ஒட்டிட்டாங்க, ஓனர் 2019லயே வீட்டை அடமானம் வச்சிருக்காராம். போன் எடுக்க மாட்டேங்குறார். எங்கள வெளிய அனுப்பிடுவாங்களா?

பதில்: தம்பி, மொதல்ல ஒண்ணு, அந்த நோட்டீஸ் ஒட்டுனதுனால இன்னிக்கே உங்கள யாரும் வெளிய தள்ள முடியாது. அது பேப்பர் அளவுல வீட்டை எடுத்துக்கிட்டோம்னு சொல்றது. நீங்க உள்ள இருக்கும்போது சாமானை வெளிய வைக்கணும்னா, லோன் கட்டலன்னா வழக்கு போடாமயே பேங்க் அடமான சொத்தை எடுக்க வழி விடற சர்ஃபேசி சட்டத்தோட 14வது பிரிவுல சென்னைன்னா சீஃப் மெட்ரோபாலிட்டன் மாஜிஸ்ட்ரேட் கிட்ட பேங்க் ஆர்டர் வாங்கணும், பெரும்பாலும் அட்வகேட் கமிஷனர் ஒருத்தரை போடுவாங்க, அவர் போலீஸோட வருவார். ஆனா அதுக்கு எவ்ளோ நாள் ஆகும்னு நம்பி உக்காந்துடாதீங்க.

இப்ப அந்த நோட்டீஸை நல்லா படிங்க. அதுல 13(2) நோட்டீஸ், அதாவது 60 நாள்ல பணத்தை கட்டுன்னு ஓனருக்கு அனுப்புனது, அதோட தேதி போட்டிருக்கும். உங்க கேஸ்ல மூணு தேதிதான் முக்கியம், அடமானம் வச்ச தேதி, நீங்க உள்ள வந்த தேதி, 13(2) தேதி. அடமானத்துக்கு முன்னாடியே வந்திருந்தா பலம் ஜாஸ்தி. 13(2) ஓனர் கைக்கு போனதுக்கு அப்புறம் வந்திருந்தா கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, ஏன்னா அதுக்கப்புறம் பேங்க் எழுத்துல சம்மதம் குடுக்காம வீட்டை லீஸுக்கு விடக்கூடாதுன்னு 13(13) நேராவே சொல்லுது. உங்க நோட்டீஸ்ல 13(2) தேதி 2023 ஆகஸ்டுக்கு அப்புறம்னா நீங்க நடுவுல இருக்கீங்க, 2019க்கு அப்புறம், 13(2)க்கு முன்னாடி, அப்படின்னு வச்சுத்தான் மேல சொல்றேன்.

நடுவுல இருக்கறவங்களுக்கு சொத்து மாற்றுச் சட்டம் 65ஏ பிரிவுதான் அளவுகோல். அடமானம் வச்ச ஓனர் வாடகைக்கு விடலாம், அது பேங்கையும் கட்டுப்படுத்தும்னுதான் அந்த பிரிவு சொல்லுது, ஆனா நிபந்தனை இருக்கு. நியாயமா கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்கு விட்டிருக்கணும், மொத்தமா முன்பணமோ அட்வான்ஸா வாடகையோ வாங்கியிருக்கக்கூடாது, கட்டடம்னா 3 வருஷத்துக்கு மேல போகக்கூடாது. உங்க வருஷக்கணக்கு சரியா இருக்கு. ஆனா மாச வாடகையே இல்லாம 8 லட்சம் மொத்தமா குடுத்த லீஸ் இந்த நிபந்தனைக்குள்ள நிக்கறது ரொம்ப கஷ்டம், அது திருப்பித் தர்ற டெபாசிட்தானேன்னு வாதாடலாம், ஆனா நல்ல வாடகை எங்கன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கும் மேல, இந்த 65ஏவே அடமானப் பத்திரத்துல வேற மாதிரி எழுதலன்னாதான் பொருந்தும். வீட்டு லோன் பத்திரங்கள்ல பெரும்பாலும் எங்க எழுத்து மூல சம்மதம் இல்லாம வாடகைக்கோ லீஸுக்கோ விடக்கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்து சம்மதமும் வாங்கலன்னா கதை அங்கயே முடிஞ்சுடும்.

அதுக்காக உங்க லீஸ் செல்லாதுன்னு அர்த்தம் இல்ல, இதைத்தான் எல்லாரும் குழப்பிக்கறாங்க. உங்களுக்கும் ஓனருக்கும் நடுவுல அது செல்லும், அவர் 8 லட்சத்தை திருப்பித் தந்தே ஆகணும். பேங்க் மட்டும்தான் உங்க லீஸ் இல்லாத மாதிரி நடந்துக்கலாம்.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல போற லீஸ்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிஞ்சிருக்கணும், நோட்டரி கையெழுத்து பதிவு ஆகாது. 2019ல பஜ்ரங் ஷ்யாம்சுந்தர் அகர்வால் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதை தெளிவா சொல்லிடுச்சு, பதியாத பேப்பரை வச்சுக்கிட்டு ஒரு வருஷத்துக்கு மேல இருக்க உரிமை கேக்க முடியாது.

கடன் மீட்பு தீர்ப்பாயம்னு சொல்ற டிஆர்டில மனு போடலாம், பேங்க் நடவடிக்கை எடுத்த நாள்லருந்து 45 நாளுக்குள்ள. 2016 திருத்தத்துக்கு அப்புறம் 17(4ஏ)ன்னு ஒரு பிரிவு வந்து வாடகைதாரர் கோரிக்கையையும் டிஆர்டி பாக்கணும்னு ஆயிடுச்சு. ஆனா அது பாக்கறதே நான் மேல சொன்னதைத்தான், லீஸ் காலம் முடிஞ்சுதா, 65ஏக்கு விரோதமா, அடமானப் பத்திரத்துக்கு விரோதமா, 13(2)க்கு அப்புறம் வந்ததான்னு. உங்க பேப்பரோட அங்க ஜெயிக்கறது சிரமம், நான் உங்க இடத்துல இருந்தா வக்கீல் பீஸை பணத்தை மீட்கற வழியில போடுவேன்.

பணத்துக்கு வழி இப்படி. ஒரு பேச்சுக்கு பேங்க் பாக்கி வட்டி செலவு எல்லாம் சேத்து 41 லட்சம், வீடு ஏலத்துல 55 லட்சத்துக்கு போகுதுன்னு வைங்க, மிச்சம் 14 லட்சம் யாருக்கு உரிமையோ அவங்களுக்கு போகணும், சும்மா விட்டா அது நேரா ஓனர் கைக்கு போயிடும். அதுக்கு முன்னாடியே ஓனர் மேல சிட்டி சிவில் கோர்ட்ல பணத்துக்கு வழக்கு போட்டு, தீர்ப்புக்கு முந்தின ஜப்தி கேட்டு அந்த மிச்சத்தொகையை பிடிச்சு வைக்கச் சொல்லணும், பேங்கோட ஆத்தரைஸ்டு ஆபீசருக்கும் லெட்டர் எழுதி 8 லட்சம் பாங்க்ல போன ஆதாரத்தை இணைக்கணும். வீடு பாக்கியை விட கம்மியா போச்சுன்னா இந்த வழி கிடையாது, ஓனரோட வேற சொத்தைத்தான் தேடணும். அடமானத்தை மறைச்சு பணம் வாங்குனதுக்கு ஸ்டேஷன்ல மோசடி கம்ப்ளைண்ட் குடுக்கலாம், ஆனா அதனால பேங்க் நிக்காது.

காலி பண்ண டைம் வேணும்னா ஆபீசரை நேர்ல பாருங்க, இந்த தேதிக்குள்ள சாவி குடுத்துடறேன்னு எழுதிக் குடுத்தா நிறைய பேர் ஒத்துக்கறாங்க. அவங்களுக்கும் ஆள் இல்லாத வீட்டை ஏலம் விடறதுதான் ஈஸி.

கோவை ஸ்ரீநி: சார் இவ்ளோ பயப்படுத்த வேணாம். 2017 வாடகைச் சட்டத்துல அக்ரிமெண்டை வாடகை ஆணையத்துல பதிஞ்சு நம்பர் வாங்கிட்டா பேங்க் தொட முடியாது. சுப்ரீம் கோர்ட்டே 2016ல சொல்லியிருக்கு.

பதில்: பாதி சரி. நீங்க சொல்றது விஷால் கல்சாரியா வழக்கு, வாடகைச் சட்டத்துல பாதுகாப்பு உள்ள உண்மையான வாடகைதாரரை சர்ஃபேசி வச்சு தூக்கி எறிய முடியாதுன்னு சொன்னது, சரிதான். ஆனா அதுக்கப்புறம் வந்த 2019 தீர்ப்பு அதை ரொம்ப இறுக்கிடுச்சு. அடமானத்துக்கு அப்புறம் வந்தவர் 65ஏயை தாண்டியே ஆகணும், வீட்டுல உரிமையே போனவருக்கு வாடகைச் சட்டம் குடை பிடிக்காது. ஆணையம் குடுக்கற நம்பர் உங்களுக்கும் ஓனருக்கும் நடுவுல ரொம்ப உதவும், வாடகை இவ்ளோ, இந்த தேதிலருந்து இருக்கார்னு நல்ல ஆதாரம். ஆனா அது சார்பதிவாளர் ஆபீஸ் பதிவுக்கு பதில் கிடையாது, பேங்க் சம்மதத்துக்கும் பதில் கிடையாது. ரெண்டையும் ஒண்ணா நினைச்சுதான் ஜனங்க ஏமாறாங்க.

தாம்பரம் 2பிஎச்கே: எனக்கு எந்த லோனும் இல்லயே சார், நான் வெறும் வாடகைக்காரன், நான் ஏன் பேங்க்ல பர்மிஷன் கேக்கணும்?

பதில்: நீங்க கேக்க வேணாம், உங்க ஓனர்தான் அவர் லோன் வாங்குன பேங்க்ல கேக்கணும். ஆனா அவர் கேக்கலன்னா கஷ்டப்படறது நீங்க, அதனால அந்த லெட்டரை காட்டச் சொல்லி நீங்க கேக்கணும்.

ஓனர் அம்பத்தூர்: இஎம்ஐ ஒழுங்கா கட்றேன், 11 மாச அக்ரிமெண்ட்ல 14,000 வாடகைக்கு விட்டிருக்கேன். இதுக்கெல்லாம் யாரும் பேங்க்ல போய் நிக்கறதில்ல. நான் தப்பு பண்றேனா?

பதில்: நிஜம்தான் சார், நிறைய பேர் கேக்கறதில்ல, இஎம்ஐ போயிட்டு இருக்கற வரைக்கும் பேங்க்கும் திரும்பிப் பாக்கறதில்ல. ஆனா உங்க பத்திரத்துல அந்த வரி இருந்தா கேக்காம விட்டது ஒப்பந்த மீறல், நாளைக்கு லோன்ல சிக்கல் வந்தா அதையும் சேத்து எழுதுவாங்க. கேக்கறது பெரிய வேலையும் இல்ல, லோன் நம்பர், யாருக்கு, எவ்ளோ நாளைக்கு, என்ன வாடகைன்னு எழுதி ட்ராஃப்ட் அக்ரிமெண்டை இணைச்சு பிராஞ்சுல குடுத்து அக்னாலெட்ஜ்மெண்ட் வாங்கிக்கோங்க, பதில் எழுத்துல வரணும். மேனேஜர் வாயால சரின்னாருங்கறது பேங்க் சம்மதம் ஆகாது, அவர் ட்ரான்ஸ்பர் ஆனா அதோட போச்சு.

மதுரை ஸ்டேஷனரி கடை: எங்கப்பா காலத்துலருந்து 1998 முதல் இந்த கடைல இருக்கோம், எழுத்து எதுவும் இல்ல, வாய்ப்பேச்சுதான், வாடகை ரசீது மட்டும் இருக்கு. ஓனர் 2017ல அடமானம் வச்சு இப்ப பேங்க் வந்து நிக்குது. நாங்களும் போகணுமா?

பதில்: ஐயா, உங்க நிலைமை பெரம்பூர்க்காரரை விட எவ்ளோவோ மேல. அடமானத்துக்கு முன்னாடியே உள்ள இருக்கறவர் மேல பேங்க் சம்மதம்ங்கற கேள்வியே வராது, பேங்க் வாங்குன உரிமையே உங்க வாடகையோட சேந்த உரிமைதான். பிரச்சினை ஆதாரம்தான். 2017க்கு முந்தின ரசீது, கடை பேர்ல கரண்ட் பில், தொழில் வரி ரசீது, வணிக வரி பதிவுல உள்ள முகவரி, இதெல்லாம் தேதிவாரியா அடுக்கி வைங்க. ரொம்ப பேர் விட்டுடற ஒண்ணு, லோன் குடுக்கறதுக்கு முன்னாடி பேங்க் வேல்யூவரை அனுப்பியிருக்கும், அவர் ரிப்போர்ட்ல யார் குடியிருக்காங்கன்னு எழுத ஒரு இடம் இருக்கும். டிஆர்டில அந்த ரிப்போர்ட்டை தாக்கல் பண்ணச் சொல்லி கேளுங்க, அதுல வாடகைதாரர்னு எழுதியிருந்தா பேங்க் தெரியாதுன்னு சொல்ல முடியாது.

ஆனா எழுத்து இல்லாத பழைய வாடகைக்கு எவ்ளோ தூரம் பாதுகாப்புங்கறதுல தீர்ப்புகள் ஒரே மாதிரி போகல. 2016 தீர்ப்பு உங்க பக்கம், 2019ஐ பேங்க் வக்கீல் காட்டுவார். முடிவா இப்படித்தான் ஆகும்னு நான் எழுதித் தர முடியாது.

புது மாப்ள: அண்ணா அடுத்த மாசம் 10 லட்சம் லீஸ் பேசியிருக்கோம். ஓனர் பேங்க் என்ஓசி இருக்குன்னு ஜெராக்ஸ் காட்டுனார். ஓகேவா?

பதில்: அந்த ஜெராக்ஸை முழுசா படிச்சீங்களா? பேங்க் குடுக்கற என்ஓசில நான் பாத்த வரைக்கும் ரெண்டு வரி அடிக்கடி இருக்கும். ஒண்ணு, வாடகை லோன் அக்கவுண்டுல வரணும். இன்னொண்ணு, இந்த லீஸ் பேங்கோட உரிமைக்கு கீழ்ப்பட்டது, பேங்க் வீட்டை எடுத்தா குடியிருக்கறவர் காலி பண்ணணும். ரெண்டாவது இருந்தா சம்மதம் வாங்குனது ஓனரை மட்டும்தான் காப்பாத்தும், உங்க 10 லட்சத்தை இல்ல. மாச வாடகைக்குன்னு குடுத்த என்ஓசியை 10 லட்சம் லீஸுக்கு காட்டறாங்களான்னும் பாருங்க.

பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் சைட்ல வில்லங்கம் போட்டு பாருங்க. டெபாசிட் ஆஃப் டைட்டில் டீட்ஸ்னு, அதாவது வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வச்சு கடன் வாங்குனதுன்னு ஒரு பதிவு இருந்து, அதுக்கு அப்புறம் கடன் அடைஞ்சதுக்கான இரசீதுன்னு ஒரு பதிவு இல்லன்னா லோன் உயிரோட இருக்குன்னு எடுத்துக்கோங்க. அதோட ஓனர்கிட்ட கடைசி ஒரு வருஷ லோன் ஸ்டேட்மெண்ட் கேளுங்க, மூணு மாசம் இஎம்ஐ கட்டாம விட்டிருந்தாலே திரும்பி வந்துடுங்க. என்னைக் கேட்டா அடமானத்துல இருக்குற வீட்டுக்கு மொத்தப்பண லீஸே வேணாம், சின்ன அட்வான்ஸும் மாச வாடகையும் பேசுங்க. இல்ல அந்த 10 லட்சம் ஓனர் லோனை அடைக்கத்தான் போகுதுன்னா லோன் அக்கவுண்டுக்கே நேரா கட்டி, டாக்குமெண்ட் ரிலீஸ் ஆகி இரசீது பதிஞ்ச அன்னிக்கு வீட்டுக்குள்ள போங்க.

பெரம்பூர் வாசி: அண்ணே இன்னொண்ணு, எங்க மேல் மாடில மாச வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இனிமே வாடகையை எங்ககிட்ட கட்டுங்கன்னு பேங்க் லெட்டர் குடுத்திருக்கு. அப்ப அவங்கள பேங்க் டெனண்டா ஏத்துக்கிச்சுன்னு அர்த்தமா?

பதில்: அந்த லெட்டர்ல எப்படி எழுதியிருக்குங்கறதை பொறுத்தது. எங்க உரிமைக்கு பாதகமில்லாமன்னு ஒரு வரி போட்டுத்தான் பேங்க் வழக்கமா எழுதும், அப்படி இருந்தா ஏத்துக்கிச்சுன்னு வாதாடறது கஷ்டம். அந்த வரி இல்லாம மாசக்கணக்கா வாடகை வாங்கி ரசீதும் குடுத்திருந்தா அவங்களுக்கு பேச ஒரு இடம் கிடைக்கும், டிஆர்டி எப்படி எடுத்துக்கும்னு லெட்டரை பாக்காம சொல்ல மாட்டேன். இப்போதைக்கு அவங்க லெட்டருக்கு எழுத்துல பதில் குடுத்துட்டு வாடகையை பேங்க்லயே கட்டட்டும், கேஷா வேணாம், ஓனர் வந்து கேட்டா லெட்டர் காப்பியை காட்டட்டும். நீங்க லெட்டரை போட்டோ எடுத்து போடுங்க, பேரையும் லோன் நம்பரையும் மறைச்சுட்டு, பாத்துட்டு சொல்றேன்.