சலாமும் ஷாலோமும் ஒரே வேரா?

கேள்வி: அரபியில் சலாம், ஹீப்ருவில் ஷாலோம். தற்செயலா, ஒரே வேரா? அங்கே வேர் என்றால் என்ன?

ஒரே வேர்தான். அரபி, ஹீப்ரு, அராமிக் போன்றவை சேர்ந்த செமிட்டிக் மொழிக் குடும்பத்தில் வேர் என்பது பெரும்பாலும் மூன்று மெய்கள், அவ்வளவுதான். தனியாக அதை உச்சரிக்கவே முடியாது. உயிர்களும் ஒட்டுகளும் கொண்ட ஓர் அச்சில் ஊற்றினால்தான் சொல் பிறக்கும்.

எழுதுவதைக் குறிக்கும் க்-த்-ப் வேரைப் பாருங்கள். அரபியில் கதப என்றால் எழுதினான், காதிப் எழுதுபவர், மக்தூப் எழுதப்பட்டது, மக்தப் அலுவலகம். ஹீப்ருவில் காதவ் என்றால் எழுதினான். உயிருக்குப் பின் ப் அங்கே வ் ஆகிவிடும். மக்தப்புக்கு இணையான அச்சில் வார்த்த மிக்தாவ் அங்கே கடிதம்! வேரும் அச்சும் பொதுச் சொத்து. இரண்டும் சேர்ந்து என்ன பொருள் தரும் என்பதை அந்தந்த மொழியே முடிவு செய்கிறது.

சரி, கடன் வாங்கிய சொல்லாக இருக்கலாமே? ஒலிமாற்றம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'மூன்று' அரபியில் தலாதா (நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் த), ஹீப்ருவில் ஷாலோஷ், அராமிக்கில் த்லாத்தா. முதல் மெய்யும் கடைசி மெய்யும் ஒரே மாதிரி மாறியிருக்கின்றன. 'காளை'யைக் குறிக்கும் சொல்லிலும் இதே மாற்றம்தான். கடன் சொற்களில் இத்தனை ஒழுங்கு கிடைப்பது அபூர்வம்.

அப்புறம், நம் மகசூலும் தாசில்தாரும் ஒரே அரபி வேரான ஹ்-ஸ்-ல் வழியாக வந்தவை. மகசூல் அச்சு அசல் மக்தூப்பின் அச்சு. தாசில்தாரில் உள்ள 'தார்' மட்டும் பாரசீக ஒட்டு.